டன் கணக்கில் தேய்மானம்: எத்தனை டன், எந்த டன்?

கேள்வி: ஐயா, வணக்கம். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மலையடிவாரத்தில் நானும் மைத்துனரும் கல்லுடைக்கும் ஆலை நடத்துகிறோம். 2021 ஜனவரியில் ஆலை முழுவதையும் 18 லட்சம் ரிங்கிட்டுக்குப் புதிதாக வாங்கினோம். 10 ஆண்டு உழைக்கும், கடைசியில் 150,000 ரிங்கிட் தேறும் என்று வைத்து, ஆண்டுக்கு 165,000 ரிங்கிட் தேய்மானம் எழுதி வருகிறார்கள். ஆனால் 2021இல் உடைத்தது 90,000 டன், 2022இல் 260,000, 2023இல் 310,000, 2024இல் கோன் கிரஷரின் தண்டு முறிந்து 110,000 டன்னோடு நின்றுவிட்டோம். வேலை இல்லாத ஆண்டிலும் அதே தேய்மானம் விழுவதால் நட்டம் பெரிதாகத் தெரிகிறது. வங்கி கேள்வி கேட்கிறது. இயந்திரம் 30 லட்சம் டன் உடைக்கும் என்கிறார் விற்றவர். அதை வைத்து 2025 முதல் டன் கணக்கில் தேய்மானம் எழுதலாமா? பழைய ஆண்டுகளையும் திருத்தலாமா? வரி குறையுமா? நிலக் குத்தகை 2030 டிசம்பரில் முடிகிறது; நீட்டித்துத் தருவதாக நில உரிமையாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்.
— ஆலைப் பங்குதாரர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: எழுதலாம். ஆனால் விற்றவர் சொன்ன 30 லட்சம் டன்னை வைத்து எழுதாதீர்கள். ஆலை முழுவதற்கும் சேர்த்தும் எழுதாதீர்கள். இந்த இரண்டையும் சரிசெய்தால் உங்கள் கணக்கு இன்று இருப்பதைவிட உண்மைக்கு நெருக்கமாக வரும். சரிசெய்யாமல் முறையை மட்டும் மாற்றினால், இன்று ஆண்டுதோறும் தெரிகிற நட்டம் 2030இல் மொத்தமாக வந்து நிற்கும். எப்படி என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் உங்கள் மனக்குறை நியாயமானதுதானா என்று பார்ப்போம். 165,000 ரிங்கிட்டை அந்தந்த ஆண்டின் டன்னால் வகுத்தால், 2021இல் ஒரு டன் ஜல்லிமேல் 1.83 ரிங்கிட் தேய்மானம் ஏறியிருக்கிறது. 2023இல் 53 சென். 2024இல் மறுபடியும் 1.50 ரிங்கிட். அதே தாடை, அதே கருங்கல். ஒரு டன் கல் உள்ளே போய் வெளியே வரும்போது இயந்திரம் தேய்வது ஆண்டுக்கு ஆண்டு மூன்று மடங்கு மாறுவதில்லை. ஆகவே தாங்கியையும் தண்டையும் பொறுத்தவரை காலத்தை வைத்துப் பிரிப்பது பொருந்தாது என்ற உங்கள் எண்ணம் சரி. நீங்கள் பின்பற்றும் எம்.பி.இ.ஆர்.எஸ். என்ற கணக்கியல் தரத்தின் 17ஆம் பிரிவும், பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் எம்.எஃப்.ஆர்.எஸ். 116உம் நேர்கோட்டு முறை, குறைந்து செல்லும் இருப்பு முறை, நீங்கள் கேட்கும் டன் கணக்கு அடங்கிய உற்பத்தி அலகு முறை ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே ஏற்கின்றன. சொத்தின் பயன் எந்த விதத்தில் கரைகிறதோ அந்த விதத்தைக் காட்டும் முறையைத் தேர்ந்தெடு என்பதுதான் அவை விதிக்கும் நிபந்தனை. இலாபம் சீராகத் தெரிய வேண்டும் என்பது காரணமாகாது. தணிக்கையாளரிடம் பேசும்போது வங்கியைப் பற்றி வாய் திறக்காமல், டன்னைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இனி ஆலையைப் பிரிப்போம். உங்கள் பதிவேட்டில் "கல்லுடைக்கும் ஆலை, 1,800,000" என்று ஒரே வரி இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு குணமுள்ள பொருள்கள் இருக்கின்றன. ஜா கிரஷர், கோன் கிரஷர், அதிர்சல்லடை, கன்வேயர் ஆகியவை கல் ஓடினால் தேயும். ஓடாவிட்டால் அநேகமாகத் தேயாது. கான்கிரீட் அடித்தளம், இரும்புத் தாங்குசட்டம், மின்பலகை, கேபிள் ஆகியவை கல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மழையிலும் தூசியிலும் தம் பாட்டுக்கு மூப்படையும். அடித்தளமோ குத்தகை முடிந்தால் ஒரு சென்னுக்கும் பெறாது. அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பெரிய பகுதிகளின் பயன் வெவ்வேறு விதமாகக் கரையுமானால் விலையைப் பகுதிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே தேய்மானம் போட வேண்டும் என்று 17ஆம் பிரிவும் சொல்கிறது.

வாங்கிய பட்டியலையும் நிறுவல் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் அளவிலான ஆலைக்கு, கல்லால் தேயும் பகுதி 1,200,000 ரிங்கிட், காலத்தால் தேயும் பகுதி 600,000 ரிங்கிட் என்று பிரிவதாக இங்கே வைத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியல் வேறு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேறும் 150,000இல் 120,000 இயந்திரங்களுக்கு, 30,000 இரும்புக்கு. நான்கு ஆண்டுத் தேய்மானத்தையும் இதே விகிதத்தில் பிரித்தால், 2024 டிசம்பர் 31 அன்று இயந்திரங்களின் ஏட்டு மதிப்பு 768,000 ரிங்கிட். கட்டுமானமும் மின்சாதனமும் 372,000 ரிங்கிட். கூட்டினால் 1,140,000. உங்கள் தற்போதைய ஏட்டிலும் அதே தொகைதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு போகாமல் வித்தியாசத்தைத் தேடுங்கள்.

ஜா கிரஷரின் தாடைத் தகடு, கோன் கிரஷரின் உள்கூம்பு, வெளிக்கூம்பு உறை போன்ற மாங்கனீசு எஃகு உதிரிகளை இந்த 1,200,000க்குள் சேர்க்காதீர்கள். கருங்கல்லில் அவை சில மாதங்களில் தேய்ந்துபோகும். மாற்றும்போதே செலவில் எழுத வேண்டியவை. சிலர் அவற்றையும் சொத்தில் ஏற்றி டன் கணக்கில் தேய்மானம் போடுகிறார்கள். அப்போது பழைய தகடு குப்பைமேட்டில் கிடக்க, ஏட்டில் மட்டும் அது இன்னும் கல் உடைத்துக்கொண்டிருக்கும். 2024இல் முறிந்த தண்டு வேறு வகை. புதுத் தண்டு பல ஆண்டு உழைக்கும் என்றால் அதைச் சொத்தில் ஏற்றிவிட்டு, முறிந்த தண்டின் மிச்ச ஏட்டு மதிப்பை நீக்க வேண்டும். அதன் விலை தனியாகத் தெரியாவிட்டால், புதுத் தண்டின் விலையிலிருந்து பின்னோக்கி மதிப்பிடலாம். இங்கே கணக்கு குழம்பக் கூடாது என்பதற்காகத் தண்டை விட்டுவிடுகிறேன். உங்கள் ஏட்டில் விட்டுவிடாதீர்கள்.

இப்போது எத்தனை டன் என்ற கேள்வி. சிக்கல் எல்லாம் இங்கேதான். இந்த முறையில் டன்னுக்கான வீதம் ஒரே ஒரு வகுத்தலில் பிறக்கிறது: தேய்க்க வேண்டிய தொகையை, இனி எதிர்பார்க்கும் மொத்த டன்னால் வகுக்க வேண்டும். மேலே உள்ள தொகை பட்டியலில் இருக்கிறது. யாரும் சண்டை போட மாட்டார்கள். கீழே உள்ள டன் ஒரு மதிப்பீடு. அதைப் பெரிதாக வைத்தால் இன்றைய தேய்மானம் சிறிதாகிவிடும். விற்பவருக்கு எப்போதுமே பெரிய எண் பிடிக்கும்.

இயந்திரத்தால் எவ்வளவு உடைக்க முடியும் என்பதை விற்றவர் சொன்னார். நாம் கேட்க வேண்டியது, உங்கள் கையில் இருக்கும் வரை இந்த ஆலை எவ்வளவு உடைக்கும் என்பதை. இதற்கு மூன்று எல்லைகள் உண்டு. இயந்திரத்தின் ஆயுள் ஒன்று: 30 லட்சத்தில் இதுவரை உடைத்த 770,000 போக 22 லட்சத்து 30 ஆயிரம் டன் மிச்சம். மலையில் இருக்கும் கல் இன்னொன்று. நில அளவையாளரை வைத்து, எடுக்க உரிமம் உள்ள எல்லைக்குள் எவ்வளவு பாறை மிச்சம் என்று கன மீட்டரில் எழுதி வாங்குங்கள். அவர் ஐந்து லட்சம் கன மீட்டர் என்கிறார் என்று வையுங்கள். உடையாத கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.6 டன் இருக்கும். ஆக 13 லட்சம் டன். மேல் மண்ணோடு கலந்த மக்கிய பாறைக்கு 8 விழுக்காடு கழித்தால் 1,196,000 டன். மூன்றாவது எல்லை குத்தகைக் காலம்: நான்கு ஆண்டுச் சராசரி 192,500 டன், மிச்சம் ஆறு ஆண்டு, பெருக்கினால் 1,155,000 டன்.

மூன்றிலும் சிறியதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். கல்லும் காலமும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. சராசரிக்குள் 2021 ஜூனில் தொடங்கிய முழு நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஆலை நின்ற மாதங்களும் இருப்பதால், நான் 12 லட்சம் டன் என்று வைப்பேன். முத்தியாரா எல்.ஆர்.டி. தடத்துக்கு வேலை தொடங்கிவிட்டது, இனி ஜல்லிக்குத் தேவை கூடும் என்று உங்கள் மைத்துனர் சொல்லக்கூடும். கூடட்டும். கொள்முதல் ஆணை கையில் வந்த அளவுக்கு ஆண்டு டன்னைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் மலையில் இருக்கும் கல் 12 லட்சத்தைத் தாண்டாது. ஆண்டுக்கு அதிகம் உடைத்தால் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். நில உரிமையாளரின் வாய்ச்சொல்லுக்கு மரியாதை கொடுங்கள், கணக்கில் இடம் கொடுக்காதீர்கள். எழுத்தில் வந்தால், கூடவே உரிமமும் நீண்டால், அன்றைக்கு டன்னைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதை மறப்பவர்கள் அதிகம். 2030இல் நீங்கள் ஆலையை மூடும்போது இயந்திரம் இன்னும் பத்து லட்சம் டன் உடைக்கும் தெம்போடு இருக்கும். அப்படியானால் அதை வாங்க ஆள் கிடைக்கும். பழைய இரும்பு விலைக்குப் போகாது. டன்னைக் குறைக்கும்போது இறுதி மதிப்பையும் மறுபடி பார்க்க வேண்டும். ஏறக்குறைய 20 லட்சம் டன் உடைத்த இதே வகை கிரஷரை இன்று என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று பழைய இயந்திர வணிகர் இருவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளைய விலையை ஊகிக்க வேண்டாம். அந்த வயதில், அந்த நிலையில் உள்ள இயந்திரத்துக்கு இன்றைய விலை என்ன என்பதுதான் தரம் கேட்கும் எண். கழற்றும் செலவு போக 168,000 ரிங்கிட் தேறும் என்று வந்ததாக வைப்போம்.

இனிக் கணக்கு எளிது. இயந்திரங்களின் ஏட்டு மதிப்பு 768,000. இறுதி மதிப்பு 168,000 போக, தேய்க்க வேண்டியது 600,000 ரிங்கிட். 12 லட்சம் டன்னால் வகுத்தால் டன்னுக்கு 50 சென். கட்டுமானப் பகுதிக்கு 372,000இல் 30,000 போக 342,000. ஆறு ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 57,000 ரிங்கிட், கல் ஓடினாலும் ஓடாவிட்டாலும். 2024 போல 110,000 டன் மட்டும் உடைத்த ஆண்டில் 55,000உம் 57,000உம் சேர்ந்து 112,000 ரிங்கிட் தேய்மானம். 2023 போல 310,000 டன் உடைத்தால் 212,000. நட்டமான ஆண்டில் 53,000 ரிங்கிட் குறையும். நல்ல ஆண்டில் 47,000 கூடும். நல்ல ஆண்டில் கூடுவதைப் பார்த்துவிட்டு நேர்கோட்டு முறைக்கே திரும்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஆண்டுக்கு ஒரு முறை தாவுவதற்குத் தரம் இடம் தருவதில்லை.

விற்றவரின் எண்ணை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 768,000இலிருந்து பழைய இறுதி மதிப்பு 120,000ஐக் கழித்து 22 லட்சத்து 30 ஆயிரத்தால் வகுத்தால் டன்னுக்கு 29 சென். எல்லாருக்கும் மகிழ்ச்சி. 12 லட்சம் டன் உடைத்து 2030 டிசம்பரில் கல் தீரும்போது, அந்த வீதத்தில் 348,700 ரிங்கிட்தான் தேய்ந்திருக்கும். ஏட்டில் 419,300 ரிங்கிட் இயந்திரம் உட்கார்ந்திருக்கும். வாங்க வருபவர் 168,000தான் தருவார். 251,300 ரிங்கிட் நட்டம் ஒரே நாளில் விழும். அதற்கு முந்தைய ஆறு ஆண்டும் இலாபம் என்று எண்ணிப் பங்கு பிரித்திருப்பீர்கள்.

அடுத்து, எந்த டன். பெரும்பாலான ஆலைகளில் லாரி எடை மேடையின் சீட்டு இருக்கும். அது விற்ற டன். இயந்திரம் தேய்வது உடைக்கும்போது. குவியலில் கிடக்கும் ஜல்லியும் இயந்திரத்தைத் தேய்த்துவிட்டுத்தான் அங்கே வந்திருக்கிறது. டிசம்பரில் 40,000 டன் உடைத்துக் குவித்துவிட்டு ஜனவரியில் விற்றால், எடை மேடையை நம்பும் கணக்கு அந்தத் தேய்மானத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடும். ஆகவே உடைத்த டன்னைத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கன்வேயர் பெல்ட்டில் எடைமானி வேண்டும்.

அந்த எடைமானியை எங்கே பொருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து டன்னே மாறிப்போகும். கோன் கிரஷரிலிருந்து வரும் கல் சல்லடைக்குப் போகிறது. சல்லடையில் விழாத பெரிய கல் திரும்பும் பெல்ட் வழியாக மறுபடி கோன் கிரஷருக்கே வருகிறது. கோனுக்கும் சல்லடைக்கும் இடையில் எடைமானியை வைத்தால், அந்தக் கல்லை இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை எண்ணுவீர்கள். நுண்ஜல்லி அதிகம் கேட்கும் மாதங்களில் சல்லடைக் கண் சிறிதாவதால் திரும்பும் கல் கூடும். விற்பனை கூடாமலே டன் கூடியது போலத் தெரியும். ஜா கிரஷரிலிருந்து வெளிவரும் முதல் பெல்ட்டில், திரும்பும் கல் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். அங்கே ஒரு கல் ஒரு முறைதான் கடக்கும். வீதத்துக்கு வகுத்த 12 லட்சம் டன்னும் மலையிலிருந்து உள்ளே வரும் கல்தான் என்பதால், இரண்டும் ஒரே டன்னாக இருக்கும்.

மாதாமாதம் ஒரு சோதனை செய்யுங்கள். எடை மேடையில் விற்ற டன்னோடு மாதக் கடைசிக் குவியலைக் கூட்டி, மாதத் தொடக்கக் குவியலைக் கழித்து, கொட்டிய கழிவைச் சேர்த்தால் பெல்ட் காட்டும் எண்ணுக்கு அருகில் வர வேண்டும். குவியலை அளப்பவர் கன மீட்டரில் தருவார். அங்கே 2.6ஆல் பெருக்கிவிடாதீர்கள், அது உடையாத பாறைக்கு. உடைத்துக் குவித்த ஜல்லியில் இடைவெளி இருக்கிறது. கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 டன்தான் வரும். ஒரு கன மீட்டர் பெட்டியில் உங்கள் ஜல்லியை நிரப்பி நிறுத்துப் பார்த்தால் சரியான எண் கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் சில விழுக்காடு வேறுபடுவது இயல்பு; மழையில் நனைந்த கல்தூள் மட்டுமே அவ்வளவு வேறுபாடு தரும். வேறுபாடு ஒரே பக்கமாக மாதாமாதம் வளர்ந்தால் பெல்ட்டுக்கு அடியில் போய்ப் பாருங்கள். எடைமானி உருளையில் ஈரத்தூள் அப்பிக் காய்ந்து, வெறும் பெல்ட்டையே சுமையாகக் காட்டிக்கொண்டிருக்கும். வெறும் பெல்ட்டை ஓடவிட்டுச் சுழியம் வருகிறதா என்று வாரம் ஒரு முறை பார்ப்பது ஆபரேட்டரின் வேலையாக இருக்கட்டும். மின்கட்டண அளவும் ஒரு சாட்சி: டன் ஏறி, மின்சார அலகு ஏறாத மாதம் சந்தேகத்துக்குரியது.

2021 முதல் 2024 வரையிலான டன் எடை மேடையிலிருந்துதான் வந்திருக்கும்; பரவாயில்லை. முறை மாற்றம் மதிப்பீட்டு மாற்றமாகத்தான் கருதப்படும். ஆகவே பழைய ஆண்டுகளைத் தொடக் கூடாது. தொடங்கும் புள்ளி 2025 ஜனவரி 1 அன்றைய ஏட்டு மதிப்பு. 2021இன் நட்டத்தைத் திருத்தி எழுதித்தர முடியாது என்று உங்கள் தணிக்கையாளர் சொன்னால் அவர் சொல்வது சரி. 2025 கணக்கின் குறிப்பில் என்ன மாற்றினீர்கள், ஏன், அந்த ஆண்டுத் தேய்மானம் பழைய முறையைவிட எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று எழுத வேண்டும். 2025இல் 240,000 டன் உடைத்தால் தேய்மானம் 120,000உம் 57,000உம் சேர்ந்து 177,000. பழைய முறையைவிட 12,000 ரிங்கிட் கூடுதல் என்று குறிப்பில் வரும். ஆம், முதல் ஆண்டிலேயே கூடக்கூடும். கையில் சாட்சியாக அளவையாளர் அறிக்கை, உரிமத்தின் நகல், குத்தகைப் பத்திரம், வணிகர்களின் விலைக்கடிதம், நான்கு ஆண்டு டன் பட்டியல் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

50 சென் என்பது 2030 வரை மாறாத வீதம் அல்ல. உதாரணத்துக்கு, 2025இல் 240,000 டன், 2026இல் 150,000 டன் உடைத்தீர்கள் என்று வையுங்கள். 390,000 டன்னுக்கு 195,000 ரிங்கிட் தேய்ந்து, ஏட்டு மதிப்பு 573,000 ஆகியிருக்கும். மிச்சம் 810,000 டன் இருக்க வேண்டும். ஆனால் வெட்டிய இடத்தில் மக்கிய பாறை அதிகம் வந்து, அளவையாளர் 600,000 டன்தான் மிச்சம் என்கிறார். அப்போது 573,000இலிருந்து 168,000ஐக் கழித்த 405,000ஐ 600,000ஆல் வகுக்க வேண்டும்: டன்னுக்கு 67.5 சென். பழைய 50 சென்னுக்குப் போய்த் திருத்தம் எழுத வேண்டாம். இனி உடைக்கும் டன்னுக்கு மட்டும் புது வீதம். ஆண்டு முடிவில் கோப்பைத் திறந்து இந்த ஒரு வகுத்தலைச் செய்ய மறந்தால், முறை நன்றாக இருந்தும் எண் பொய்யாகிவிடும். வேறு சிலர் இதை அளவுக்கு மீறிச் செய்வார்கள்: மாதாமாதம் பட்ஜெட் டன்னை வைத்து வீதத்தை மாற்றுவார்கள். நல்ல மாதத்தில் வீதம் குறைந்து, மோசமான மாதத்தில் ஏறி, கடைசியில் நேர்கோட்டு முறையே மாறுவேடத்தில் திரும்பி வந்திருக்கும்.

ஆலை ஆறு மாதம் முழுவதும் நின்றுவிட்டால் இயந்திரங்களுக்குத் தேய்மானம் சுழியம். தரம் அதை அனுமதிக்கிறது. நேர்கோட்டு முறையில் இந்தச் சலுகை இல்லை, நின்ற இயந்திரத்துக்கும் எழுதியாக வேண்டும். ஆனால் சுழியம் எழுதும் அன்றைக்கே, ஏட்டு மதிப்பு இன்னும் தேறுமா என்ற கேள்வியும் எழும். நீண்ட நிறுத்தம் மதிப்பிழப்புக்கு ஓர் அறிகுறி. மிச்ச டன் தரக்கூடிய பணமும், இன்றே விற்றால் கிடைக்கும் தொகையும், இரண்டில் பெரியது எதுவோ அது ஏட்டு மதிப்புக்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசத்தை அந்த ஆண்டிலேயே எழுதிவிட வேண்டும். 2024 போல மறுபடியும் ஓர் ஆண்டு வந்தால் தணிக்கையாளர் இதைக் கேட்பார்.

டன்னே சரியான அளவா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். நீங்கள் எப்போதும் ஒரே மலைக் கருங்கல்லை உடைப்பதால் டன் பொருந்துகிறது. நாளை ஆலையை ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் கல்லுக்கு மாற்றினால், கருங்கல்லின் ஒரு டன் தரும் தேய்மானத்தைச் சுண்ணாம்புக் கல்லின் ஒரு டன் தராது. வீதத்தைப் புதிதாகப் போட வேண்டும். பெரும்பாலும் நுண்ஜல்லியும் கல்தூளும் மட்டுமே உற்பத்தி செய்யத் தொடங்கினாலும் அப்படித்தான். ஓடிய மணி நேரத்தை அலகாக எடுப்பது அந்த நிலையில் பொருத்தமாக இருக்கலாம். மணிமானி ஏற்கெனவே இயந்திரத்தில் இருக்கிறது. ஆனால் விற்பனைத் தொகையை அலகாக எடுக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். ஜல்லி விலை ஏறினால் தாடை அதிகம் தேய்வதில்லை. எம்.எஃப்.ஆர்.எஸ். 116 அதை 2016 முதல் வெளிப்படையாகவே தடுக்கிறது.

வரிக்கு ஒரு சென்னும் மாறாது. ஏட்டில் நீங்கள் எழுதும் தேய்மானத்தை வருமான வரிக் கணக்கில் முழுவதும் திரும்பக் கூட்டிவிட்டு, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மூலதனப் படி கழிக்கிறார்கள். தொடக்கப் படி 20 விழுக்காடு; ஆண்டுப் படி பொது இயந்திரத்துக்கு 14, கனரக இயந்திரத்துக்கு 20 விழுக்காடு. உங்கள் ஆலையின் எந்தப் பகுதி எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று வரி முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே டன்னுக்கு வேலையே இல்லை. ஏட்டு மதிப்புக்கும் வரி மதிப்புக்கும் இடையிலான இடைவெளி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் ஒத்திவைத்த வரியைத் தணிக்கையாளர் மறுபடி கணக்கிடுவார்.

வங்கிக்கு, 2025 கணக்கோடு ஒரு பக்கத் தாளை இணைத்து அனுப்புங்கள்: ஆண்டுவாரியாக டன், டன்னுக்கு விற்ற விலை, தேய்மானத்துக்கு முந்தைய இலாபம், கடன் தவணை. கடன் அதிகாரி முதலில் பார்ப்பது தேய்மானத்துக்கு முந்தைய பணம் தவணைக்குப் போதுமா என்பதை. உங்கள் தவணை டன்னைப் பார்த்துக் குறையப்போவதில்லை. 110,000 டன் ஆண்டில் புது முறை 53,000 ரிங்கிட் நட்டத்தைக் குறைத்துக் காட்டினாலும் வங்கிக் கணக்கில் அந்த 53,000 இருக்காது. அந்த ஆண்டில் மைத்துனர் பங்கு கேட்டால் ஏட்டைக் காட்டாமல் வங்கி இருப்பைக் காட்டுங்கள். பெல்ட் எடைமானி இன்னும் வாங்கவில்லையென்றால், அது வரும்வரை விற்ற டன்னோடு குவியலின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் கழித்தே எழுதுங்கள். டிசம்பர் 31 குவியலை மட்டும் அளவையாளரே வந்து அளக்கட்டும்.